டப்பா தீர்ற தேதிக்குத் தனி அலாரம்

வணக்கம்ங்க. நான் மெடிக்கல் ஷாப்ல இருக்கற ஃபார்மசிஸ்ட். தினமும் மாத்திரை போட அலாரம் வைக்கறதப் பத்தி இன்னைக்குப் பேசப்போறதில்ல, அது எல்லார் போன்லயும் அடிச்சிட்டுத்தான் இருக்கு. ஆனா மாத்திரை எப்பத் தீரும், டாக்டர் திரும்ப எப்ப வரச்சொன்னாருன்னு கேட்டா பாதி பேர் முழிக்கறாங்க. சிலர் அந்தக் காலை அலாரத்துலயே "மாத்திரை வாங்கணும்"னு சேத்து எழுதி வெச்சிடறாங்க. அது வேலைக்கு ஆகாதுங்க, ஏன்னா ஆறு மணிக்கு அடிச்சா கை தானா ஆஃப் பண்ணிடும், அந்நேரத்துக்குக் கடையும் திறந்திருக்காது, போதாததுக்கு மாத்திரை போடறது அம்மா, வாங்கிட்டு வர்றது பையன், அம்மா போன்ல அடிச்சா அவனுக்கு எப்படித் தெரியும்?

ஒரு வீட்டுக் கணக்கு பார்ப்போம். அம்மாவுக்கு சுகருக்கு மெட்ஃபார்மின் தினம் ரெண்டு, பிரஷருக்கு அம்லோடிபின் ஒண்ணு, காலைல வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை ஒண்ணு. ஜூன் 1ஆம் தேதி ஆரம்பிக்கறாங்கன்னு வெச்சுக்கோங்க. பதினஞ்சு மாத்திரை ஸ்ட்ரிப்பா மெட்ஃபார்மின் நாலு, அம்லோடிபின் ரெண்டு, ரெண்டுமே சரியா முப்பது நாளைக்கு வரும். தைராய்டு நூறு மாத்திரை டப்பா, அது செப்டம்பர் 8 வரைக்கும் ஓடும். இப்ப பையன் மாசாமாசம் 1ஆம் தேதின்னு ரிமைண்டர் வெச்சிடறான். ஜூன்ல பிரச்சனை இல்ல, ஜூலைக்கு முப்பத்தோரு நாள், முப்பது நாள் மாத்திரைதான் இருக்கு, கடைசி நாள் கை வெறுமை. அதனால "மாசத்துக்கு ஒருக்கா"ன்னு வைக்காதீங்க, காலண்டர்ல "30 நாளைக்கு ஒருக்கா"ன்னு வைக்க முடியும், அதுவும் மாத்திரை தீர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி வர்ற மாதிரி, சாயங்காலம் ஆறு ஆறரைக்கு, வாங்கறவரோட போன்ல. எங்க கடைல ஸ்டாக் இல்லன்னா வரவழைச்சுத்தர ரெண்டு நாளாவது வேணும்ல.

தைராய்டு டப்பாதான் மோசம். உள்ள எத்தனை இருக்குன்னு வெளிய தெரியாது, ஸ்ட்ரிப் வாங்க மாசாமாசம் வர்றவங்களுக்கு அந்த ஞாபகமே வராது. தீர்ந்துபோனாலும் உடனே ஒண்ணும் தெரியாது, ஏன்னா அந்த மருந்து உடம்புல பாதி குறையவே சுமாரா ஒரு வாரம் ஆகும், அதனால நாலஞ்சு நாள் விட்டுப்போனாலும் நல்லாத்தான் இருக்கேன்னு தோணும், அப்புறம்தான் அசதி ஆரம்பிக்கும். டப்பா பிரிக்கற அன்னைக்கே மூடி மேல மார்க்கர்ல தீர்ற தேதிய எழுதிடுங்க, அதே தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி போன்லயும் போட்டுடுங்க. வலிப்பு மாத்திரை, ஸ்டென்ட் வெச்சவங்க சாப்பிடற ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை இதெல்லாம் ஒரு நாள் விட்டாலே ஆபத்து, அதுக்கு ஒரு வாரம்னு இல்லாம பத்து நாள் முன்னாடியே வைக்கலாம்.

அடுத்தது ரிவ்யூ. இதுல ஒரு தேதி இல்லங்க, ரெண்டு தேதி. தைராய்டு டோஸ் மாத்தினா ஆறுலருந்து எட்டு வாரத்துல டி.எஸ்.எச்ங்கற ரத்த டெஸ்ட் பாக்கச் சொல்வாங்க, சுகருக்கு மூணு மாசச் சராசரி பாக்கற டெஸ்ட் எழுதுவாங்க. ரிப்போர்ட் கைல இல்லாம டாக்டர்ட்ட போனா "டெஸ்ட் எடுத்துட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பிடுவார், ஃபீஸும் நேரமும் வீண். அதனால லேபுக்கு ஒரு ரிமைண்டர், ரெண்டு மூணு நாள் தள்ளி டாக்டருக்கு ஒண்ணு.

அந்த லேப் ரிமைண்டர முந்தின நாள் ராத்திரிக்கு வைங்க, இது ரொம்ப முக்கியம். எங்க கஸ்டமர் ஒரு அம்மா, டெஸ்ட் அன்னைக்குக் காலைல வழக்கமான ஆறு மணி அலாரம் அடிச்சதும் தைராய்டு மாத்திரைய போட்டுட்டு அப்புறம்தான் ரத்தம் கொடுக்கப் போனாங்க. அப்படிப் போட்டா ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் அளவு கொஞ்ச நேரத்துக்குக் கூடிக் காட்டலாம். ரத்தம் கொடுத்துட்டு அப்புறமா மாத்திரை போடலாமான்னு டாக்டர்ட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. சரின்னு சொன்னா ராத்திரி வர்ற ரிமைண்டர்ல "நாளைக்கு ரத்தம் கொடுத்துட்டு மாத்திரை"ன்னே எழுதிடுங்க.

ரிவ்யூ பக்கத்துல வந்திடுச்சுன்னா புது நூறு டப்பா வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க. டாக்டர் ஐம்பத எழுபத்தஞ்சு மைக்ரோகிராமா மாத்திட்டா பழைய டப்பா அப்படியே நிக்கும், ரெண்டும் ஒரே அலமாரில இருந்தா எடுக்கறப்ப மாறிப்போகும். ரிவ்யூ வரைக்கும் வர்ற அளவுக்குக் கேட்டுப் பாருங்க, ஸ்ட்ரிப்பாவும் சில கம்பெனி கொடுக்கறாங்க. ஆனா கைல இருக்கறது ரிவ்யூ தேதிக்கு முன்னாடியே தீர்ந்திடும்னா டாக்டருக்காகக் காத்திருக்காதீங்க, பழைய சீட்டக் கொண்டாங்க, வாங்கிட்டுப் போங்க. டோஸ் மாறின அன்னைக்குப் பழைய ரீஃபில் ரிமைண்டர அழிச்சிட்டு, கைல இருக்கறத எண்ணி, ஒரு நாளைக்கு எத்தனைன்னு வகுத்து, புதுத் தேதி போட்டுக்கோங்க.