பச்சை வாந்தியும் குடலுக்குள் இருக்கும் காற்றும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிறந்து சில நாளே ஆன குழந்தை வாந்தி எடுக்கிறது. வயிற்றை எக்ஸ்ரே எடுத்ததும் பெற்றோர் கேட்பது, "அடைப்பு தெரியுதா டாக்டர்?" என்றுதான். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் அடைப்பு தெரியாது, குடலுக்குள் இருக்கும் காற்றுதான் தெரியும். எலும்பு வெள்ளையாகவும் காற்று கறுப்பாகவும் விழும். அந்தக் கறுப்பு எதுவரை போயிருக்கிறது, எங்கே நின்றுவிட்டது என்று பார்த்து அடைப்பு இருக்கும் இடத்தைக் கணிக்கிறோம்.

குழந்தை பிறந்து அழத் தொடங்கும்போதே காற்றை விழுங்குகிறது. அந்தக் காற்று சில நிமிடங்களில் இரைப்பைக்கும், சில மணி நேரத்தில் சிறுகுடலுக்கும், ஏறத்தாழ ஒரு நாளுக்குள் மலக்குடலுக்கும் போய்ச் சேரும். அதனால் படத்தைக் கையில் எடுத்ததும் குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்போம். பிறந்து இரண்டு மணி நேரமே ஆன குழந்தையின் அடிவயிற்றில் காற்று இல்லையென்றால் அது நோயல்ல.

இரைப்பையை அடுத்த முன்சிறுகுடல் பிறவியிலேயே மூடியிருந்தால், மேல்வயிற்றில் இரண்டு கறுப்புக் குமிழிகள் தெரியும், அதற்குக் கீழே ஒன்றுமே இருக்காது. அடைப்பு இன்னும் கீழே இருந்தால் வயிறு நிறைய உப்பிய குடல் வளையங்கள் தெரியும். அவை சிறுகுடலா பெருங்குடலா என்று பச்சிளங்குழந்தையின் படத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. ஆசனவாய் வழியாக, எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய மருந்தைச் செலுத்தி மறுபடியும் படம் எடுத்தால்தான் தெரியும்.

இவையெல்லாம் படமே சொல்லிவிடும் அடைப்புகள். நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது, படம் சொல்லாமல் விடக்கூடிய ஓர் அடைப்பைப் பற்றி.

பிறந்து ஐந்து நாள் ஆன ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். நிறைமாதப் பிரசவம். நன்றாகத் தாய்ப்பால் குடித்தது, முதல் நாளே கறுப்பு மலமும் போனது. ஐந்தாம் நாள் காலையில் பாலைக் கக்குகிறது, மதியம் பச்சையாக வாந்தி எடுக்கிறது. வயிறு உப்பவில்லை, தொட்டால் மிருதுவாக இருக்கிறது. எக்ஸ்ரேயில் இரைப்பை சற்றே பெரிதாகத் தெரிகிறது. கீழேயும் அங்கங்கே காற்று இருக்கிறது, மலக்குடல் வரைக்கும் போயிருக்கிறது. "படம் நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிடத் தோன்றும். அனுப்பக் கூடாது.

கருவில் வளரும்போது குடல் ஒரு சுற்றுச் சுற்றி, வயிற்றின் பின்சுவரில் அகலமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு அந்தச் சுற்று பாதியில் நின்றுவிடுகிறது. அப்போது சிறுகுடல் முழுவதும் ஒரு குறுகிய காம்பில்தான் தொங்கும். ஈரத் துணியைப் பிழிவதுபோல அந்தக் காம்பு முறுக்கிக்கொண்டால், அதற்குள் ஓடும் ரத்தக்குழாய்களும் நெரிபடும். குடலுக்கு ரத்தம் நிற்கிறது. சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கிவிடலாம். முறுக்குவதற்கு முன்பே காற்று கீழே போயிருக்கும், அதனால்தான் படம் ஏமாற்றுகிறது. படத்தில் இரண்டு குமிழிகளோடு கீழே கொஞ்சம் காற்றும் தெரிந்தால் எங்கள் பதற்றம் குறையாது, கூடும். பிறவியில் மூடிய குடலுக்கு, குழந்தையைத் தேற்றிவிட்டு அறுவைசிகிச்சை செய்ய அவகாசம் உண்டு. முறுக்கிய குடலுக்கு அந்த அவகாசம் கிடையாது.

அதனால் பச்சை வாந்தி எடுத்த பச்சிளங்குழந்தைக்கு எக்ஸ்ரே எப்படி இருந்தாலும் அடுத்த பரிசோதனைக்குப் போகிறோம். இரைப்பைக்குள் மருந்து கொடுத்து, அது போகும் வழியைத் திரையில் பார்க்கிறோம். முன்சிறுகுடல் முதுகெலும்பைத் தாண்டி இடப்பக்கம் வந்து, இரைப்பையின் கீழ்வாய் இருக்கும் உயரத்துக்கு ஏற வேண்டும். நான் சொன்ன குழந்தைக்கு அது வலப்பக்கமே நின்று, திருகாணிபோலச் சுருண்டு கீழே இறங்கும். அல்ட்ராசவுண்டில் ரத்தக்குழாய்கள் ஒன்றையொன்று சுற்றியிருப்பதும் தெரியலாம். குழந்தை ஏற்கெனவே துவண்டு, வயிறு இறுகி, மலத்தில் ரத்தம் போனால் இந்தப் பரிசோதனைகளுக்கும் காத்திருக்காமல் நேரே அறுவை அரங்குக்குத்தான். முறுக்கைப் பிரித்து, வெதுவெதுப்பான ஈரத்துணியால் குடலை மூடிவிட்டுச் சிறிது நேரம் காத்திருப்பார்கள். நேரத்தோடு வந்த குழந்தைக்குக் கருநீலமாக இருந்த குடல் மெல்ல இளஞ்சிவப்புக்குத் திரும்பும். தாமதமாக வந்தால் வெட்டி எடுக்க வேண்டியதாகிவிடும்.

வாந்தியின் நிறம் ஏன் இவ்வளவு முக்கியம்? பித்தநீர் முன்சிறுகுடலில்தான் வந்து கலக்கிறது. அதற்குக் கீழே வழி அடைபட்டால் வாந்தி பச்சையாக வரும். மூன்று முதல் ஆறு வாரக் குழந்தை வெள்ளையாகப் பீய்ச்சி அடித்தால், இரைப்பையின் கீழ்வாய் தடித்திருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்போம். அதையும் காட்டியே ஆக வேண்டும், ஆனால் பச்சை வாந்தியின் அவசரம் வேறு.

நம் ஊரில் குழந்தை வாந்தி எடுத்தால் குடலேற்றம் தட்டுவார்கள், உரம் எடுப்பார்கள். அன்பால் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் பச்சை வாந்தியில் அந்த நேரம்தான் குடலின் நேரம். தட்டவும் வேண்டாம், உரை மருந்தும் வேண்டாம். பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு, குழந்தை அறுவைசிகிச்சை நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். வாந்தி பட்ட துணியைத் துவைக்காமல் எடுத்து வாருங்கள். முதல் பச்சை வாந்தி எத்தனை மணிக்கு என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.