ஹைட்ரன்ட்ல 72 பி.எஸ்.ஐ இருக்கு... ஸ்ப்ரிங்க்ளருக்குப் போதுமா?

[திரையில்: மூடிய ஹைட்ரன்ட். கேஜ் முள் 72-ல் நிற்கிறது]

தீயணைப்புக்குத் தண்ணி எடுக்கத் தெருவுல நிக்கிற குழாய்தான் ஹைட்ரன்ட். அதுல மாட்டின இந்த கேஜைப் பாருங்க, 72 பி.எஸ்.ஐ. "அருமையான பிரஷர், பம்ப் செலவு மிச்சம்"னு யாராவது சொன்னா உடனே தலையாட்டிடாதீங்க. இந்த நேரத்துல குழாய்க்குள்ள தண்ணி ஓடவே இல்ல, சும்மா நிக்குது. நிக்கிற தண்ணியோட பிரஷர், டேங்க் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு மட்டும்தான் காட்டும். வழியில குழாய் நாலு அங்குலமா பன்னிரண்டு அங்குலமா, உள்ள துரு கட்டியிருக்கா, எவரோ வால்வைப் பாதி மூடிட்டு மறந்து போயிட்டாரா, இதெல்லாம் அந்த முள்ளுக்குத் தெரியாது.

நீங்க மாடியில குளிச்சிட்டு இருக்கீங்க. கீழ சமையலறையில ஒருத்தர் குழாயைத் திறக்கிறார். உங்க ஷவர் நூல் மாதிரி ஆயிடுது. டேங்க் அதே உயரத்துலதான் இருக்கு. தண்ணி ஓட ஆரம்பிச்சதும் குழாய் உராய்வு பிரஷரைத் தின்னுடுச்சு. ஹைட்ரன்ட் ஃப்ளோ டெஸ்ட் இதையேதான் தெரு அளவுல, வேணும்னே செஞ்சு அளக்குது.

ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். நம்ம ஊர்க் கட்டடங்கள்ல பெரும்பாலும் சொந்தத் தொட்டியும் பம்பும்தான், தீ பிடிச்சா தானா தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரிங்க்ளருக்குத் தண்ணி தரும். அமெரிக்காவுல தெருக் குழாயில இருந்தே நேரா எடுக்கிற வழக்கம் பரவலா இருக்கு. அதனால இந்த டெஸ்ட் அங்க பிறந்த சங்கதி. வழிமுறை, அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடுற என்.எஃப்.பி.ஏ 291-ல இருக்கு. இனி கேலன், அங்குலம்னே பேசுவேன், பொறுத்துக்கோங்க.

[திரையில்: தெரு வரைபடம், இரண்டு ஹைட்ரன்ட்]

இதுக்கு ரெண்டு ஹைட்ரன்ட் வேணும். முதலாவதுல மூடிக்குப் பதிலா கேஜ் பொருத்தின மூடி. இதுல தண்ணி விடக் கூடாது, பிரஷர் மட்டும் பார்க்கணும். ரெண்டாவதுல தண்ணியைத் திறந்து விடணும். தண்ணி எந்தப் பக்கமிருந்து வருதோ, அந்தப் பக்கம் கேஜ் ஹைட்ரன்ட் இருக்கணும். திறக்கிறது அதைத் தாண்டி இருக்கணும். ரெண்டும் வேற வேற குழாயில இருந்தா கேஜ் முள் அசையவே அசையாது. "ஆஹா, பிரஷர் குறையவே இல்ல"ன்னு சந்தோஷப்பட்டா அது ஏமாற்றம்தான். குறைஞ்சது பத்து சதவீதமாவது முள் இறங்கணும். இல்லேன்னா இன்னொரு வாயையும் திறங்க.

கேஜ் ஹைட்ரன்ட்டை மெதுவா முழுசாத் திறந்து, மூடியில இருக்கிற சின்னக் குழாய் வழியா காத்தை வெளியேத்துங்க. முள் நின்னதும் படிங்க: 72. இப்ப ரெண்டாவதுல ரெண்டரை அங்குல வாயைத் திறங்க. நாலு அங்குலப் பெரிய வாய் பார்க்க ஆசையா இருக்கும், வேண்டாம். அந்த ஓட்டத்துல வெற்றிடம் கலந்திருக்கும், கணக்கு கெடும். தண்ணி தெளிஞ்சு, ஓட்டம் நிலைச்சதும் ரேடியோல "இப்போ"ன்னு சொல்லி ரெண்டு பேரும் ஒரே நொடியில படிக்கணும். கேஜ்ல 56. அதே சமயம், பாயற தண்ணியோட வேகத்தால வர்ற பிரஷரை அளக்கிற பிட்டாட் குழாயை நீரோட்டத்தோட நடுவுல, வாயில இருந்து ஒண்ணேகால் அங்குலம் தள்ளிப் பிடிச்சா 25 பி.எஸ்.ஐ. இந்தப் பிட்டாட் அளவு 10-க்குக் கீழயோ 30-க்கு மேலயோ போகாம இருக்கிறது நல்லது.

[திரையில்: சூத்திரம்]

```
Q = 29.83 × c × d² × √p
```

Q-ன்னா நிமிஷத்துக்கு எத்தனை கேலன் ஓடுதுன்னு. d வாயோட விட்டம், 2.5 அங்குலம். p பிட்டாட் அளவு, 25. இப்ப c-ன்னு ஒரு எழுத்து நிக்குதே, அதுதான் இன்னிக்கு நம்ம கதாநாயகன். இதைக் கண்டுபிடிக்கிற கருவி என்ன தெரியுமா? உங்க விரல்!

தண்ணி திறக்கிறதுக்கு முன்னாடி, மூடியைக் கழட்டிட்டு வாய்க்குள்ள விரலை விட்டு, வாய்க்குழாய் ஹைட்ரன்ட் உடம்போட சேர்ற விளிம்பைத் தடவுங்க. வழவழன்னு வளைஞ்சு போனா 0.9. கூர்மையான மூலையா நின்னா 0.8. குழாய் உடம்புக்குள்ள கொஞ்சம் நீட்டிட்டு இருந்தா 0.7. விளிம்பு வழவழன்னு வளையலைன்னா தண்ணி அங்க முட்டித் திரும்பி, வெளிய வர்ற தாரை ஒல்லியாயிடும். அதான் இந்தக் குறைப்பு.

பத்துப் பேர் டெஸ்ட் பண்ணினா எத்தனை பேர் தடவிப் பார்க்கிறாங்கன்னு எனக்கு சந்தேகமா இருக்கு. பழைய படிவத்துல 0.9-னு இருந்ததை அப்படியே எழுதிடுறாங்க. அது எங்க போய் இடிக்குதுன்னு ஒரு உதாரணக் கணக்கைப் பாருங்க.

ஒரு கடை. 1,500 சதுர அடிக்கு, சதுர அடிக்கு 0.20 கேலன் வீதம் நிமிஷத்துக்கு 300 கேலன். தண்ணி நுழையுற இடத்துக்குக் கிட்ட இருக்கிற ஸ்ப்ரிங்க்ளர்ல பிரஷர் அதிகமா இருக்கும், அதனால அது கூடுதலா கொட்டும். முழுக் கணக்குப் போட்டா 350-னு வெச்சுக்கலாம். தீயணைப்புக் குழாய்க்கு 250 சேர்த்தா 600 கேலன். இந்த 600 ஓடும்போது தெருக் குழாய்ல 60 பி.எஸ்.ஐ மிச்சம் இருக்கணும்னு வடிவமைப்பு கேக்குது.

c 0.9-னு எடுத்தா, டெஸ்ட்ல ஓடினது 839 கேலன். அதுக்கு 16 பி.எஸ்.ஐ இறங்குச்சு. உராய்வு ஓட்டத்தோட 1.85 அடுக்குக்கு ஏத்தபடி மாறும். அப்படின்னா 600 கேலனுக்கு:

```
16 × (600 / 839)^1.85 = 8.6
72 − 8.6 = 63.4
```

63.4 கிடைக்குது, 60 போதும். மூணரை பி.எஸ்.ஐ கையிருப்பு. எல்லாரும் டீ குடிக்கப் போயிடுவாங்க.

இப்ப நிஜத்துல அந்த வாய் உள்ள நீட்டிட்டு இருந்துச்சு, c 0.7-னு வெச்சுக்கோங்க. அப்போ ஓடினது 653 கேலன்தான். அந்தக் குறைவான ஓட்டத்துக்கே 16 பி.எஸ்.ஐ இறங்கியிருக்கு. 600 கேலனுக்கு 13.7 இறங்கும், மிச்சம் 58.3. தோல்வி! கேஜ் அதே, பிட்டாட் அதே. விரல் விடாத ஒரே காரணத்தால, பாஸான திட்டம் உண்மையில ஃபெயில். இது எனக்கு எப்பவுமே சிலிர்ப்பு.

இன்னும் ரெண்டே விஷயம், வேகமா. கேஜ் வெச்ச இடத்தை விடக் கட்டடம் 20 அடி மேட்டுல இருந்தா கிட்டத்தட்ட 8.7 பி.எஸ்.ஐ போயே போச்சு, அடிக்கு 0.433 வீதம். அப்புறம், ராத்திரி எல்லாரும் தூங்கும்போது எடுத்த டெஸ்ட், கோடைக்காலக் காலையில தோட்டத்துக்குத் தண்ணி பாயற நேரத்தைக் காட்டாது. தண்ணி வாரியத்துக்கிட்ட உச்ச நேரப் பிரஷர் கேட்டு, அதுக்கேத்தபடி கழிச்சுக்கணும்.

[திரையில்: மெதுவாகத் திரும்பும் சாவி]

மூடும்போது அவசரமே கூடாது. படார்னு மூடினா ஓடிட்டிருந்த தண்ணி முட்டி, குழாய் உடைய வாய்ப்பிருக்கு. உறைபனி ஊர் ஹைட்ரன்ட்டுக்கு அடியில வடிகால் துளை இருக்கும். வால்வைப் பாதி மட்டும் திறந்து டெஸ்ட் பண்ணினா அந்தத் துளை வழியா தண்ணி பீச்சி, சுத்தி இருக்கிற மண்ணை அரிச்சிடும். அதனால திறந்தா முழுசாத் திறங்க, மூடினா முழுசா மூடுங்க. மூடினதும் வாயில உள்ளங்கையை வெச்சுப் பாருங்க. லேசா உள்ள இழுத்தா தண்ணி வடியுதுன்னு அர்த்தம். இழுக்கலைன்னா, குளிர்காலம் வர்றதுக்குள்ள தண்ணி வாரியத்துக்குச் சொல்லிடுங்க. உள்ள நிக்கிற தண்ணி உறைஞ்சு ஹைட்ரன்ட்டே வெடிச்சிடும்.

உங்க ஊர்ல c-க்கு என்ன எண் போடுறாங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. விரல் விட்டுப் பார்த்தவங்க மட்டும்!