மூன்று பிள்ளைகள், மூன்று தேதிகள்

(மதுரையில் நிகழ்த்திய சொற்பொழிவின் ஒரு பகுதி)

ஆனையூரிலும் திருவாதவூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே எல்லாரும் இலங்கைக் குடிமக்கள் என்று நினைக்கிறோம். பலர் அப்படித்தான். மலையகத்திலிருந்து வந்த சிலர் கதை வேறு.

1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். குடியுரிமைக்கு மனுப் போட்டு முடிவு வரும் முன்பே 1983 கலவரத்தில் படகேறியவர்கள் உண்டு. கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை.

அப்படி வந்த ஒரு தம்பதிக்கு இங்கே மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவள் 1986, நடுப்பிள்ளை 1995, கடைசி 2006. நம் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யாரென்று கேள்வியே இல்லை. மூத்தவள் இந்தியர். அந்தத் தேதி முதல் பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்; நடுப்பிள்ளை வெளியே. 2004 டிசம்பர் 3 முதல் நிபந்தனை இன்னும் இறுகிவிட்டது. கடைசிப் பிள்ளையும் வெளியே. விண்ணப்பித்துப் பெறலாமே என்றால், கடவுச்சீட்டில்லாமல் வந்த பெற்றோரைச் சட்டம் சட்டவிரோதக் குடியேறிகள் என்கிறது. அவர்களுக்கு அந்த வாசலும் அடைப்பு.

இலங்கைப் பக்கம் போனால்? வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைச் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். அதற்குப் பெற்றோரின் குடியுரிமைச் சான்று கேட்பார்கள். அவர்களிடம் இல்லாததே அதுதானே! 2009-இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி இவர்களுக்கும் வழி திறந்தது. ஆனால் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்கக் காகிதம் வேண்டும்; படகில் வந்தவரிடம் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆதார் இருக்கிறதே என்பார்கள். அது வசிப்பதற்கான அடையாளம் மட்டுமே, குடியுரிமைச் சான்று அல்ல.

இப்படி எந்த நாட்டுக்கும் குடிமக்களாகாமல் நிற்பவர்களே நாடற்றவர்கள். நம் அரசியலமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகள் எந்த மனிதருக்கும் பொருந்தும். ஆகவே உயிருக்கும் சமத்துவத்துக்கும் நீதிமன்றம் காவல் நிற்கும். ஆனால் அரசு வேலைக்குச் சமவாய்ப்புத் தரும் 16, பேச்சும் குடியிருப்பும் தொழிலும் தரும் 19 ஆகியவை குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டில் சிறைப்பட்டால் தேடி வரத் தூதர் இல்லை. நாடு கடத்த ஆணையிட்டாலும் ஏற்றுக்கொள்ள நாடில்லை. அதனால் காவல் முடிவின்றி நீளலாம். நாடற்றோருக்கான 1954 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை.

மூத்தவளுக்கு மட்டும் நல்ல வழி உண்டு. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டுத் தரும்படி 2022-இல் நம் ஒத்தக்கடைப் பக்கத்து உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. கையில் இருக்க வேண்டியது பிறப்புச் சான்றிதழ். அதில் பிறந்த இடமும் தேதியும் சரியாக இருக்க வேண்டும். தம்பிகளுக்கு அந்தத் தீர்ப்பு உதவாது.