வேலையை எழுதாதீர்கள், விளைவை எழுதுங்கள்

வணக்கம் நேயர்களே. ரெஸ்யூமேயில் பெயருக்கும் போன் நம்பருக்கும் கீழே மூன்று நான்கு வரி எழுதுகிறோமே, அந்த சம்மரியைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஒரு ஸ்டோர் கீப்பர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "ஐந்து ஆண்டு அனுபவம். சரக்கு இருப்பைக் கவனிப்பது, பதிவேடு பராமரிப்பது, கணக்கெடுப்பு நடத்துவது என் பொறுப்புகள். எக்செல் தெரியும். கடின உழைப்பாளி."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதே ஐந்து ஆண்டும் வேலையை அரைகுறையாகப் பார்த்த ஒருவரும் இந்த வரிகளை அப்படியே போட்டுக்கொள்ளலாம். அதுதான் சிக்கல். எழுதிய ஒவ்வொரு வரியையும் இந்தக் கேள்வியால் உரசிப் பாருங்கள்: வேலையைச் சரியாகச் செய்யாதவருக்கும் இது பொருந்துமா? பொருந்தினால் அது பொறுப்புப் பட்டியல்தான்.

சரி, எப்படி மாற்றுவது? எல்லாவற்றையும் தொட வேண்டாம். ஒரு பொறுப்பை மட்டும் எடுங்கள், கணக்கெடுப்பை எடுப்போம். எத்தனை பொருள்? 1,200 வகை. முன்பு நிலைமை எப்படி? ஆண்டுக்கு ஒருமுறை எண்ணினார்கள். 90 பொருள்களில் ஏட்டுக் கணக்கும் அலமாரியில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை. இவர் என்ன செய்தார்? வாரம் ஓர் அலமாரி என்று எண்ணி எக்செல்லில் ஏற்றினார். பிறகு? அடுத்த ஆண்டு 20 பொருள்களில்தான் வித்தியாசம்.

இப்போது சம்மரி: "ஐந்து ஆண்டு அனுபவமுள்ள ஸ்டோர் கீப்பர். 1,200 வகைப் பொருள்கள் உள்ள கிடங்கில், வாரம் ஓர் அலமாரி எண்ணி எக்செல்லில் பதியும் முறையைத் தொடங்கி, கணக்கு ஒத்துப்போகாத பொருள்களை ஓராண்டில் 90-லிருந்து 20 ஆகக் குறைத்தேன்." எக்செல் தெரியும் என்று இனித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தீர்களா? கடின உழைப்பாளியும் தானாகவே கழன்றுவிட்டார்.

சதவீதத்தில் மட்டும் ஜாக்கிரதை. 90 இருபதானாலும் 78 சதவீதக் குறைவுதான், 9 இரண்டானாலும் 78 சதவீதக் குறைவுதான். விவரம் தெரிந்தவர் நேர்காணலில் "எத்தனையில்?" என்று கேட்பார். அதனால் அடிப்படை எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். நிறுவனம் எண்ணிக்கையை வெளியே சொல்லக்கூடாது என்றால், "நான்கில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தேன்" என்று விகிதமாகச் சொல்லலாம்.

கணக்கே வைத்திருக்கவில்லையா? எண்ணை ஊகித்து எழுதாதீர்கள். உங்களை நம்பி ஒப்படைத்ததைச் சொல்லுங்கள்: புதிதாகச் சேர்ந்த நால்வருக்கு வேலை கற்றுக்கொடுத்தது, கிடங்குச் சாவி உங்களிடம் இருந்தது. இவையும் சான்றுதான். குழுவாகச் செய்ததை "மூவர் குழுவில் எண்ணும் பணியை ஏற்று" என்று எழுதினால், பின்னால் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

நேரம் முடிகிறது என்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் ரெஸ்யூமேயை முதலில் மென்பொருள்தான் சலிக்கிறது. விளம்பரத்தில் "இருப்புக் கட்டுப்பாடு" என்று இருந்தால், அதே சொல்லை அந்தச் சாதனை வரிக்குள்ளேயே வையுங்கள். வணக்கம்.