ஐந்து மழைக்காலங்களுக்குள் அடங்கும் தலைப்பு

நேயர்களுக்கு வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்பு எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேச அழைத்திருக்கிறார்கள். எல்லாத் துறைக்கும் பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயன்படாது. எனவே நான் பல காலம் வேலை செய்த விலங்கியல் துறையிலிருந்து ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொள்கிறேன். அது எப்படி மாறி மாறி ஆய்வு செய்யக்கூடிய வடிவத்துக்கு வந்தது என்பதைச் சொல்கிறேன்.

முதுகலை முடித்து, தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகையுடன் தேறிய ஒரு மாணவி என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். தென்மாவட்டக் கண்மாய்க்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். கையில் ஒரு தலைப்பு எழுதி வைத்திருந்தார்: தம் ஊர்ப் பக்கத்துக் கண்மாய்களின் நீர்த்தரம்.

இந்தத் தலைப்பைப் பற்றி நான் சற்று அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் சோத்கங்கா என்றொரு இணையக் களஞ்சியம் நடத்துகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை அங்கே காசில்லாமல் படிக்கலாம். ஏரி, நீர்த்தரம் என்று அதில் தேடிப் பாருங்கள். ஓர் ஊரின் ஏரி, அடுத்த ஊரின் குளம், அதற்கடுத்த ஊரின் ஊருணி என்று வரிசையாக வரும். எல்லாவற்றிலும் வெப்பநிலை, கார அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றை மாதந்தோறும் அளந்திருப்பார்கள். ஊர்ப் பெயர் மாறும், கேள்வி மாறாது. அளந்தவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த எண்கள் ஊருக்குத் தேவையானவை. ஆனால் இதுவரை யாரும் பார்க்காத குளம் என்பது மட்டுமே புதுமை ஆகிவிடாது. இந்தக் குளத்தைப் பார்த்ததால் மற்றக் குளங்களைப் பற்றி நமக்கு என்ன தெரிய வந்தது என்று தேர்வாளர் கேட்பார். அதற்குப் பதில் இருக்க வேண்டும்.

அந்த மாணவியிடம் நான் கேட்டது ஒன்றுதான்: உங்கள் ஊர்க் கண்மாயில் அண்மையில் என்ன நடந்தது? உடனே சொன்னார், தூர்வாரினார்கள் என்று. 2017இல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் தமிழ்நாட்டின் கண்மாய்களில் ஆண்டுவாரியாக வேலை நடந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். தூர்வாரும்போது வண்டலோடு கோரையும் சம்பும் போய்விடுகின்றன. அந்தத் தண்டுகளை நம்பி வாழும் உயிர்கள் திரும்பி வர எத்தனை ஆண்டு ஆகும்? இது ஊர்ப் பெயரை மாற்றிக் கேட்கும் கேள்வி அல்ல.

எந்த உயிர்? தும்பியை, நாம் தட்டான் என்கிறோமே அதை, எடுத்துக்கொண்டார். வலையும் கேமராவும் போதும், விலை உயர்ந்த கருவி வேண்டாம் என்பது அவர் கணக்கு. சரியான கணக்குதான். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பறக்கும் தும்பியை எண்ணினால் ஏமாந்துபோவோம். மழைக்குப் பின் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தும்பி எங்கிருந்தோ வருவது. இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை அது செல்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கண்மாய்க்கு மேல் பறப்பதால் அது அங்கே பிறந்தது என்று ஆகாது.

பிறந்ததற்குச் சான்று வேறு. தும்பியின் இளம்பருவம் தண்ணீருக்குள் வாழ்கிறது. வளர்ந்ததும் கோரைத் தண்டில் ஏறி, முதுகுப் பக்கம் தோல் பிளந்து, சிறகோடு வெளியே வருகிறது. காய்ந்த தோல் அந்தத் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். குனிந்து பார்த்தால் ஆறு கால்களும் தண்டைப் பிடித்தபடி இருக்கும். பிளவுக்குள் வெள்ளை நூல் போலச் சில இழைகள் தெரியும், அவை மூச்சுக்குழாய்களின் உட்தோல். இந்தத் தோல்களைச் சேகரித்து எண்ணினால், இந்தக் கண்மாயில் இந்த இனம் பெருகுகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். இதுதான் அவருடைய ஆய்வின் உயிர்நாடி.

அடுத்தது காலம். தூர்வாரிய ஒரு கண்மாயைப் பத்து ஆண்டு காத்திருந்து பார்க்க முனைவர் பட்டத்தில் இடமில்லை. அதற்கு வழி, அண்மையில் தூர்வாரியவை, சில ஆண்டுக்கு முன் தூர்வாரியவை, தூர்வாராதவை என்று மூன்று வகைக் கண்மாய்களையும் ஒரே பருவத்தில் ஒப்பிடுவது. இதற்கு எல்லை உண்டு. மண் ஒன்றாக இருக்காது. மீன் குத்தகைக்கு விட்ட கண்மாயில் மீன்கள் தும்பியின் இளம்பருவத்தைத் தின்றுவிடக்கூடும், அப்போது குறைவுக்குக் காரணம் தூர்வாரியதா, மீனா என்று தெரியாது. ஆகவே குத்தகை விவரத்தையும், வேலை உண்மையில் எந்த ஆண்டு நடந்தது என்பதையும் பாசன விவசாயிகளிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பெரிய கண்மாய்கள் பொதுப்பணித் துறையின் கணக்கிலும், நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் கணக்கிலும் இருந்து வந்தவை. பதிவேடு தேடி இரண்டு இடத்துக்கும் போக வேண்டியிருக்கும்.

இப்போது உதவித்தொகை கிடைக்கும் ஐந்து ஆண்டைக் கணக்கிடுவோம். இதை ஆண்டுகளால் எண்ணாதீர்கள், மழைக்காலங்களால் எண்ணுங்கள். தென்மாவட்டக் கண்மாய்க்குத் தண்ணீர் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில்தான் வருகிறது. ஜூலையில் சேர்ந்தால் முதல் மழைக்காலம் பாடப் பயிற்சியிலேயே கழிந்துவிடும். அந்தப் பருவத்தில் இரண்டு கண்மாயில் மட்டும் முன்னோட்டம் பார்க்கலாம். இரண்டாவது மழைக்காலமும் மூன்றாவதும் முழு வேலைக்கு. நான்காவதைச் சேமிப்பாக விட்டுவைக்க வேண்டும். ஐந்தாவது எழுதுவதற்கு. ஆக, ஐந்து ஆண்டு என்று கையெழுத்துப் போட்டாலும் கையில் இருப்பவை இரண்டே மழைக்காலங்கள். இதை மறுபடியும் சொல்கிறேன், இரண்டே மழைக்காலங்கள்.

மழை பொய்த்தால்? 2015 ஜூலையில் ஒருவர் இதே ஆய்வில் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். முன்னோட்டப் பருவத்தில் கொட்டித் தீர்த்திருக்கும். முழு வேலை தொடங்கும் 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பில் பாதிகூடப் பெய்யவில்லை. கண்மாய் வறண்டால் தோலும் இல்லை, தும்பியும் இல்லை. சேமிப்பாக ஒரு பருவம் இல்லாதவர் அங்கேயே ஓர் ஆண்டை இழந்திருப்பார். அதனால்தான் மழையை நம்பாத ஓர் அத்தியாயமும் வேண்டும் என்று மாணவியிடம் சொன்னேன். பல தும்பி இனங்களின் இளம்பருவத்துக்குத் தெளிவான அடையாளக் குறிப்பு கிடைப்பதில்லை. இளம்பருவத்தைப் பிடித்து வந்து துறையிலேயே தொட்டியில் வளர்த்து, வெளிவரும் தும்பியையும் அது விட்ட தோலையும் இணைத்துப் பதிவுசெய்தால் அதுவே ஒரு அத்தியாயம். இருக்கும் குட்டை ஒன்றில் கிடைப்பதை வைத்தே வறட்சியிலும் இதைச் செய்யலாம்.

பணத்துக்கு வருகிறேன். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் மதிப்பீடு நடந்து முதுநிலையாக உயர்ந்தால் 42,000. இது வாழ்வதற்கு. களத்துக்குப் போவதற்கு என்று அறிவியல் துறைக்குத் தரும் சில்லறைச் செலவுத் தொகை முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 12,000, பிறகு 25,000. மாணவி முதலில் போட்ட திட்டம் பன்னிரண்டு கண்மாய், ஒவ்வொன்றுக்கும் பருவத்தில் நான்கு முறை. ஒரு நாளைக்கு இரண்டு கண்மாய் என்றால் ஒரு சுற்றுக்கு ஆறு நாள், நான்கு சுற்றுக்கு இருபத்து நான்கு நாள். பயணம், உதவியாள், சாப்பாடு சேர்த்து நாளுக்கு 800 ரூபாய் என்று வைத்தாலும் 19,200. தொகையோ 12,000. கணக்கு இடிக்கிறது.

வழி என்ன? ஒரே பஸ் தடத்தில் அடுத்தடுத்து இருக்கும் ஒன்பது கண்மாய்கள், வகைக்கு மூன்று. நாளுக்கு மூன்று பார்த்தால் நான்கு சுற்றுக்கும் பன்னிரண்டே நாள், 9,600 ரூபாய். ஆனால் வகைக்கு மூன்று என்பது மிகக் குறைவு. ஒரே கண்மாயைப் பத்து முறை பார்த்தாலும் அது ஒரு கண்மாய்தான், பத்து ஆகாது. ஆய்வுக் குழு இதைக் கண்டிப்பாகக் கேட்கும். அதனால் தொகை உயரும் மூன்றாம் ஆண்டில் பதினைந்து கண்மாயாக விரித்துக்கொள்ளும்படி திட்டமிட்டோம். அப்போது இருபது நாள், 16,000 ரூபாய், 25,000க்குள் அடங்கும். இரண்டாம் ஆண்டு முடிவில் மதிப்பீட்டுக் குழுவின் முன் வைக்க ஒரு முழுப் பருவத்தின் தரவும் தயாராக இருக்கும்.

உதவித்தொகை இல்லாமல் ஒரு திட்டத்தில் ஆய்வாளராகச் சேர்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திட்டம் பெரும்பாலும் மூன்று ஆண்டில் முடியும், பட்டம் முடியாது. மீதி ஆண்டுகளுக்கு என்ன வழி என்பதைச் சேரும் அன்றே கேளுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். நெறியாளர் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி ஒரு நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் வழிநடத்தலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதியவரைச் சேர்க்க முடியாது. ஆகவே இடம் இருக்கிறதா, ஓய்வு எப்போது என்று இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த மாணவிக்கு இரண்டு வாய்ப்புகள் இருந்தன. ஒருவர் மீன்களின் உயிர்வேதியியலில் பெயர் பெற்றவர், ஆனால் களத்துக்குப் போகும் வழக்கம் இல்லாதவர். இன்னொருவர் அவ்வளவு அறியப்படாதவர், ஆனால் நீர்ப்பூச்சிகளோடு வேலை செய்தவர், நுண்ணோக்கியும் தொட்டியும் அவர் அறையில் இருந்தன. மாணவி இரண்டாமவரிடம் சேர்ந்தார். சேர்வதற்கு முன் சோத்கங்காவில் அவருடைய பழைய மாணவர்களின் ஆய்வேடுகளில் முறையியல் அத்தியாயத்தை மட்டும் படித்தார். அண்மையில் ஆய்வேடு சமர்ப்பித்த ஒருவரைத் தேடிப் பிடித்து, திருத்தத்துக்குக் கொடுத்த அத்தியாயம் மேசையில் எத்தனை மாதம் கிடந்தது என்று கேட்டார். மூன்று வாரம் என்று பதில் வந்ததும்தான் விண்ணப்பத்தை நிரப்பினார். நன்றி, வணக்கம்.