வெளிநாட்டில் மருத்துவம்: விண்ணப்பத்துக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும், இசட் புள்ளி போதாமையால் உள்நாட்டு மருத்துவ பீடங்களுக்கு நுழைய முடியாத மாணவர்களின் வீடுகளுக்கு முகவர்களின் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். ரஷ்யா, பெலாரஸ், சீனா, பங்களாதேஷ், நேபாளம், ஜோர்ஜியா, பிலிப்பைன்ஸ் என நாடுகளின் பெயர்கள் அடுக்கப்படும். எந்த நாடு மலிவு, எங்கே குளிர் அதிகம், எங்கே நம் சாப்பாடு கிடைக்கும் என்றே வீட்டில் பேச்சு நடக்கும். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்னதாக விடை காண வேண்டிய ஒன்று உண்டு: படித்து முடித்து வரும் பிள்ளை எந்த நாட்டில் மருத்துவராகப் பதிவு பெறப் போகிறார்? அந்த நாட்டின் பதிவு அதிகாரசபை என்ன கேட்கிறது? அங்கிருந்து பின்னோக்கி வந்தால்தான் எந்தப் பல்கலைக்கழகம் பொருந்தும் என்பது தெரியவரும். பெரும்பாலான குடும்பங்களின் எண்ணம் இலங்கைக்குத் திரும்பி வருவதே என்பதால், இன்றைய உரையில் இலங்கை மருத்துவ சபையை மையமாக வைத்தே பேசுகிறேன்.

நம் நாட்டில் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மருத்துவர்களைப் பதிவு செய்யும் அதிகாரம் இலங்கை மருத்துவ சபைக்கே உண்டு. வெளிநாட்டுப் பட்டதாரி ஒருவர், சபை அங்கீகரித்த பல்கலைக்கழகமொன்றின் பட்டத்தைப் பெற்றிருக்க வேண்டும். அதன்பின் ஈஆர்பிஎம் என்று அழைக்கப்படும் பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். மூத்த மருத்துவர்கள் இதை இன்னும் ‘அக்ட் 16’ என்றே சொல்வதுண்டு. அதற்கும் பிறகு, தற்காலிகப் பதிவுடன் அரச வைத்தியசாலையில் 12 மாத உள்ளகப் பயிற்சியை முடித்தால்தான் முழுப் பதிவு கிடைக்கும். பட்டம், பரீட்சை, பயிற்சி என்ற இந்த மூன்று படிகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. இவற்றுக்கும் கீழே நான்காவது படியொன்று இருப்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அது மாணவரின் சொந்த நுழைவுத் தகுதி.

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். உயர்தரத்தில் அவருக்கு உயிரியலில் சி, இரசாயனவியலில் எஸ், பௌதிகவியலில் எஸ். ஒரு முகவர் மருத்துவ சபையின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலைத் தன் கைப்பேசியில் திறந்து, தான் சேர்க்கவிருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பெற்றோருக்குக் காட்டுகிறார். பெயர் உண்மையிலேயே அதில் இருக்கிறது. பல்கலைக்கழகமும் இந்தப் பெறுபேற்றை ஏற்று அனுமதிக் கடிதம் அனுப்பிவிடுகிறது. முகவர் சொன்ன எதுவும் பொய்யல்ல. ஆனாலும் இந்த மாணவி ஆறு ஆண்டுகள் படித்துப் பட்டத்துடன் திரும்பினால், பதிவுப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் கட்டத்தில் தடைப்படுவார். காரணம், 2018ஆம் ஆண்டில் வர்த்தமானியில் வெளியான மருத்துவக் கல்வியின் குறைந்தபட்சத் தரங்கள் பற்றிய ஒழுங்குவிதிகள். அவற்றின்படி உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் சித்தியடைந்து, அவற்றில் இரண்டிலாவது சி எனப்படும் திறமைச் சித்தியும் மற்றொன்றில் குறைந்தது சாதாரண சித்தியும் பெற்றிருக்க வேண்டும். நம் மாணவிக்கு ஒரு சி குறைகிறது. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் உண்டு. மாணவிக்குத் தகுதி இல்லை. இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

இந்த இடத்தில்தான் ‘ஃபவுண்டேஷன்’ என்ற ஓராண்டுப் பாடநெறி முன்வைக்கப்படும். அது அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலைத் திறக்கலாமே தவிர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழில் உள்ள எழுத்தை மாற்றாது. இந்த மாணவிக்கு என் அபிப்பிராயம் நேரடியானது. அந்த ஓராண்டுக்கான டொலர்களைச் செலவிடாமல், கொழும்பிலேயே இருந்து உயர்தரத்தை மறுபடியும் எழுதுவதே மேல். லண்டன் உயர்தரம் எழுதியவர்களும், வெவ்வேறு ஆண்டுகளில் கிடைத்த சித்திகளைச் சேர்த்துக் காட்ட நினைப்பவர்களும், தங்கள் பெறுபேறு ஏற்கப்படுமா என்பதை மருத்துவ சபையிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெற வேண்டும். கருமபீடத்தில் வாய்மொழியாகக் கிடைத்த பதில் ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர் எவரையும் கட்டுப்படுத்தாது.

இனிப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்துக்கு வருவோம். முகவர்களின் துண்டுப் பிரசுரங்களில் ‘உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது’ என்ற வரியை அடிக்கடி காணலாம். உலக சுகாதார நிறுவனம் மருத்துவக் கல்லூரிகளை அங்கீகரிப்பதில்லை. ஒரு காலத்தில் அது கல்லூரிகளின் விவரக்கொத்து ஒன்றை வெளியிட்டது, அவ்வளவுதான். இன்று அந்த வேலையைச் செய்வது wdoms.org என்ற முகவரியில் உள்ள உலக மருத்துவக் கல்லூரிகளின் விவரக்கொத்து. அதில் பெயர் இருப்பது அப்படியொரு கல்லூரி இயங்குகிறது என்பதற்குச் சான்று; அதன் தரத்துக்குச் சான்றல்ல என்று அந்தத் தளமே குறிப்பிடுகிறது. அடிக்கடி கேட்கும் இன்னொரு சொற்றொடர் ‘என்எம்சி அங்கீகாரம்’. இது தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகளால் நம்மிடையே பரவியது. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2021இல் வகுத்த விதிகள், வெளிநாட்டில் படித்து இந்தியாவில் பதிவு கேட்போருக்கு 54 மாதப் படிப்பும் ஆங்கில வழிக் கற்கையும் வேண்டும் என்கின்றன. அவை நல்ல விதிகளாகவே இருக்கலாம்; ஆனால் இலங்கையில் பதிவு கேட்பவரை அவை கட்டுப்படுத்துவதுமில்லை, காப்பாற்றுவதுமில்லை. அதேவேளை, இந்தியாவிலேயே எம்பிபிஎஸ் படிக்கச் செல்லும் இலங்கையர் நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மருத்துவ சபையின் பட்டியலைப் பார்க்கும்போதும் பெயரை மேலோட்டமாகப் பார்த்தால் போதாது. ஒரே நகரில் ஏறத்தாழ ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள் இருக்கலாம். பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் பட்டியலில் இருக்க, பிள்ளை சேரப்போவது வேறொரு நாட்டில் உள்ள கிளை வளாகமாக இருக்கலாம். ஆகவே அனுமதிக் கடிதத்தில் அச்சிடப்பட்டுள்ள முழுப் பெயர், நகரம், வளாகம், பட்டத்தின் பெயர் ஆகியவற்றை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். பட்டியலும் காலத்துக்குக் காலம் மாறக்கூடியது. சேரும் நாளில் இருந்த பக்கத்தைத் திகதியுடன் அச்சிட்டு வைத்துக்கொள்வது பிற்காலத்தில் உதவும். இடைநடுவில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் ஆபத்தானது. அப்படி மாறும் நிலை வந்தால் முதலில் சபையின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும். 2022இல் உக்ரேனில் யுத்தம் மூண்டபோது, அங்கே படித்துக்கொண்டிருந்த பல நாட்டு மாணவர்களும் இந்தச் சிக்கலைத்தான் எதிர்கொண்டார்கள்.

இலங்கைக்கு வராமல் பிரித்தானியாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகப் போகிறோம் என்று எண்ணுவோருக்குக் கணக்கு வேறு. பிரித்தானியப் பொது மருத்துவப் பேரவை பட்டத்தைத் தனக்குரிய நிபந்தனைகளின்படி பார்த்து, ‘ப்ளாப்’ பரீட்சையும் ஆங்கிலத் தேர்ச்சியும் கேட்கும். அமெரிக்காவுக்கான சான்றிதழை வழங்கும் அமைப்பு, கல்லூரிக்குத் தரச்சான்று வழங்கிய அமைப்பு உலக அளவில் ஏற்கப்பட்டதா என்பதையும் 2024 முதல் குறித்து வருகிறது. மேலே சொன்ன விவரக்கொத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் கீழே இவ்வமைப்புகளின் குறிப்புகள் தனிப் பகுதியாக இருக்கும். பெயரைக் கண்டதும் பக்கத்தை மூடிவிடாமல் அந்தப் பகுதியையும் வாசிக்க வேண்டும்.

செலவுக்கு வருகிறேன். ஓர் எடுத்துக்காட்டாக, ஆண்டுக் கட்டணம் 4,500 டொலர் என்று கூறப்படும் ஆறாண்டுப் பாடநெறியை எடுத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுக்கு 27,000 டொலர். ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 81 இலட்சம். முகவர் சொல்லும் தொகை பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். விடுதிக்கும் உணவுக்கும் மாதம் 250 டொலர் என்றாலும் 72 மாதங்களுக்கு 18,000 டொலர். விமானச் சீட்டு, விசா புதுப்பிப்பு, காப்புறுதி முதலியவற்றுக்கு ஆண்டுக்கு 900 டொலர் வீதம் 5,400. மொத்தம் 50,400 டொலர், அதாவது ஒரு கோடியே 51 இலட்சம் ரூபாய். முகவர் சொன்னதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இதுவும் டொலர் அசையாமல் நிற்கும் என்ற அனுமானத்தில்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாயை எட்டியது. அந்த ஆண்டு 4,500 டொலர் கட்ட வேண்டியிருந்த குடும்பத்துக்கு ஒன்பது இலட்சமாக இருந்த தொகை இரண்டே மாதங்களில் 16 இலட்சத்தைத் தாண்டியது. அதனால் ஒரு பாடநெறியின் மொத்தச் செலவைக் கணக்கிடும்போது, டொலர் இன்றைய விலையைவிட ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தாலும் தாங்க முடியுமா என்று இன்னொரு தடவை கணக்குப் போடச் சொல்வேன். நமது எடுத்துக்காட்டில் அது ஒரு கோடியே 81 இலட்சமாகும். காணி விற்றோ வீட்டை ஈடு வைத்தோ பணம் திரட்டுவோர் இந்த இரண்டாவது தொகையை வைத்தே முடிவெடுக்க வேண்டும். மலிவான ஆறாண்டுப் பாடநெறிக்கும் விலை கூடிய ஐந்தாண்டுப் பாடநெறிக்கும் இடையே தெரிவு செய்யும்போது, ஓராண்டு வாழ்க்கைச் செலவையும், ஓராண்டு பிந்தித் தொடங்கும் சம்பளத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

பட்டத்துக்குப் பிந்திய காலத்துக்கும் பணம் வேண்டும். பதிவுப் பரீட்சையை எல்லோரும் முதல் தடவையிலேயே தாண்டிவிடுவதில்லை. பின்னர் உள்ளகப் பயிற்சி நியமனத்துக்கும் காத்திருக்க நேரும். இந்த இடைவெளியில் வருமானம் கிடையாது. படிக்கும் நாட்டில் நோயாளியிடம் எந்த மொழியில் பேசிப் பழகுகிறார்கள் என்ற கேள்வி இங்கேதான் கனம் பெறுகிறது. விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் நோயாளி ரஷ்ய மொழியோ சீன மொழியோதான் பேசுவார். அந்த மொழியைக் கற்காத மாணவர் நோயாளியின் வரலாற்றைத் தானே கேட்டறியும் பயிற்சியின்றித் திரும்புகிறார். பரீட்சையின் மருத்துவச் செய்முறைப் பகுதியில் அது தெரிந்துவிடும். எனவே அங்கே நான்காம், ஐந்தாம் ஆண்டில் படிக்கும் இலங்கை மாணவர் ஒருவரிடம், வாரத்தில் எத்தனை நாள் வார்டுக்குப் போகிறீர்கள், நோயாளியை நீங்களே பரிசோதிக்கிறீர்களா என்று கேளுங்கள். அந்த மாணவரின் தொடர்பை முகவரிடமிருந்து பெறாமல் நீங்களே தேடிக்கொள்வது நல்லது.

கடைசியாக, பணம் கட்டும் முறை. கட்டணத்தை வங்கியூடாகப் பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே அனுப்பி, ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பாதுகாத்து வையுங்கள். முகவருக்குரிய சேவைக் கட்டணம் தனியாக, தனி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு தொகை, எத்தனை நாட்களுக்குள் திரும்பக் கிடைக்கும் என்ற வாசகம் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியொரு வாசகத்தை எழுத முகவர் மறுத்தால், அவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.