விடைக்குறிப்பைத் திறக்கும் முன்

நடுவர்: "மாதிரித் தேர்வு முடிந்த கையோடு நேரம், மனநிலை, தவறு என்று ஒரு சின்னக் குறிப்பு எழுதுவதால் மதிப்பெண் ஏறுமா? இல்லை, அந்த நேரத்தில் இன்னொரு தாள் எழுதினால்தான் ஏறுமா? குறிப்பின் பக்கம் நிற்கும் அணியிலிருந்து அடுத்தவர் வந்து பேசட்டும்."

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

என் தம்பியின் நோட்டு ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பென்சிலில் நான்கு எண்கள் இருக்கின்றன: 28, 73, 95, 119. நான் பேச வந்ததில் பாதி இந்த நான்கு எண்களுக்குள் இருக்கிறது.

100 கேள்விகள், 120 நிமிடம். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. அந்த மாதிரித் தேர்வில் அவன் வாங்கியது 66. அன்று மாலையே என்னிடம், "அக்கா, கணக்குலதான் நான் வீக். அடுத்த 10 நாளும் கணக்குதான்" என்றான். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் இந்த நோட்டு வேறு ஒன்றைச் சொன்னது.

25ஆவது கேள்வியைத் தாண்டியபோது கடிகாரத்தில் 28 நிமிடம் ஆகியிருந்தது. 50ஐத் தாண்டியபோது 73, 75ஐத் தாண்டியபோது 95, முடித்தபோது 119. இதை அவன் வீட்டுக்கு வந்து யோசித்து எழுதவில்லை. தேர்வு நடக்கும்போதே கணக்குப் போட்டுப் பார்க்கும் தாளின் மூலையில் குறித்தான். அப்படித்தான் குறிக்க வேண்டும், ஏனென்றால் எந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் போனது என்பது வெளியே வந்த பிறகு யாருக்கும் சரியாக நினைவில் இருக்காது. நான்கு முறை கடிகாரத்தைப் பார்க்கச் சில நொடிகள் போகும், அவ்வளவுதான்.

இப்போது கழித்துப் பாருங்கள். முதல் 25 கேள்விக்கு 28 நிமிடம், அது சீரான நடை. அடுத்த 25க்கு 45 நிமிடம். அதற்கடுத்த 25ஐ வெறும் 22 நிமிடத்தில் ஓடிக் கடந்திருக்கிறான். எண்களுக்குக் கீழே, விடைக்குறிப்பைப் பார்ப்பதற்கு முன்பே அவன் எழுதிய வரி இது: "31-35ல மாட்டினேன். விட மனசு வரல. அப்புறம் ஒரே படபடப்பு. 75க்கு மேலதான் மூச்சு வந்துச்சு."

விடைக்குறிப்பைத் திறந்தோம். தவறு 20, விட்டது 9. அந்த 20 தவறும் எங்கே விழுந்தன என்று கால் கால் பங்காகப் பிரித்தோம். முதல் காலில் 3, இரண்டாம் காலில் 4, மூன்றாம் காலில் 9, கடைசிக் காலில் 4. மூன்றாம் காலின் 9 தவறுகளில் கணக்கு மூன்றே மூன்று. அன்று இரவு அந்த 9 கேள்விகளையும் விடையைப் பார்க்காமல், கடிகாரமும் இல்லாமல் மறுபடி போடச் சொன்னேன். 6 சரியாக வந்தன. ஆக அந்த 6 கேள்விகளும் தெரியாமல் போனவை அல்ல, ஓடியதில் போனவை. ஒவ்வொன்றிலும் வர வேண்டிய 1 போயிற்று, கழிவாகக் காலும் போயிற்று. மொத்தம் ஏழரை மதிப்பெண்.

31 முதல் 35 வரை என்ன இருந்தது? வட்ட மேசையில் யார் பக்கத்தில் யார் என்று கேட்கும் ஒரு புதிர், அதன்மேல் 5 கேள்விகள். அதற்கு மட்டும் சுமார் 19 நிமிடம் போயிருந்தது. 2 சரி, 3 தவறு. 19 நிமிடம் கொடுத்து அவன் வாங்கியது ஒன்றேகால் மதிப்பெண். விட மனசு வரவில்லை என்ற வரி இல்லாவிட்டால் அந்த 45 நிமிடத்துக்குக் காரணம் கிடைத்திருக்காது. 45 என்ற எண் இல்லாவிட்டால் அந்த வரி வெறும் புலம்பலாக நின்றிருக்கும். அதனால்தான் நேரமும் மனநிலையும் தவறும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

எதிரணித் தலைவர் நன்றாகப் படித்தவர், அதை நான் மதிக்கிறேன். 2006இல் ரோடிகரும் கார்பிக்கும் செய்த ஆய்வை எடுத்துச் சொன்னார். ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்றார். உண்மை. ஆனால் அங்கே ஒப்பிட்டது தேர்வையும் மறுவாசிப்பையும். தேர்வுக்குப் பின் குறிப்பு எழுதியவர்களையும் எழுதாதவர்களையும் அந்த ஆய்வு ஒப்பிடவில்லை. தேர்வு எழுதுவதால் பாடம் மனதில் நிற்கும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு புதிரில் 19 நிமிடம் சிக்கிக்கொள்ளும் பழக்கமும் அதே தேர்வில்தான் ஊறிப்போகிறது. அடுத்த தாளை உடனே எடுத்திருந்தால் என் தம்பி அதிலும் இன்னொரு புதிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இரண்டாவதாகப் பேசிய அண்ணன், "நான் ஒரு வரி எழுதியதில்லை, முதல் முயற்சியிலேயே தேறினேன்" என்றார். மகிழ்ச்சி அண்ணா. தாளின் நடுவில் எங்கே நிற்கிறோம் என்பது உங்களுக்குத் தானாகவே தெரிந்திருக்கலாம், சிலருக்கு அது இயல்பாக வரும். வராதவர்களுக்காகத்தான் இங்கே பேசுகிறோம். அவருக்குப் பின் வந்த அம்மா, குறிப்பு எழுதிக் குறிப்பு எழுதியே பிள்ளைகள் கை ஓய்ந்துபோகிறார்கள் என்று வருத்தப்பட்டார். அம்மா, நீங்கள் சொல்வது பாடக்குறிப்பு. நான் சொல்வது அரைப் பக்கம். விடைக்குறிப்புக்கு முன் ஏழெட்டு நிமிடம், அதற்குப் பின் தவறுகளைப் பிரிக்க ஒரு 20 நிமிடம், இவ்வளவே. இதை வண்ணப் பேனாவால் பெட்டி கட்டி ஒரு மணி நேரம் எழுதுகிற பிள்ளையைப் பார்த்தால் நானும் உங்கள் பக்கம் வந்துவிடுவேன்.

விடைக்குறிப்புக்கு முன் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? முடிவு தெரிந்த பிறகு, இது எனக்கு முன்பே தெரியும் என்று மனம் சொல்லத் தொடங்கிவிடும். ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975இலேயே இதைச் சோதித்துக் காட்டினார். தேர்வுத் தாளில் இது எப்படி வரும் என்றால், சரியான விடையைப் பார்த்ததும் "ச்சே, தெரிஞ்சதுதானே, கவனக்குறைவு" என்று தோன்றும். அப்படி எழுதிவிட்டால் உண்மையிலேயே தெரியாத பாடமும் கவனக்குறைவுக் கணக்கில் போய்விடும், யாரும் அதைத் திரும்பப் படிக்க மாட்டார்கள். அதனால் எழுதும்போதே, சந்தேகத்தோடு போட்ட விடைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பிறகு விடைக்குறிப்போடு ஒப்பிடும்போது கேள்விக்குறி இல்லாமலே தவறானவற்றை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவை தெரியும் என்று நினைத்துத் தவறியவை. கேள்விக்குறி போட்டும் சரியாக வந்தவற்றையும் விடக்கூடாது. அவை குருட்டு அதிர்ஷ்டத்தில் வந்த மதிப்பெண், அடுத்த தாளில் வராது.

இன்னொரு அடையாளமும் அவனை வைக்கச் சொன்னேன். விடையை மாற்றினால் எண்ணுக்குப் பக்கத்தில் பழைய விடையையும் எழுத வேண்டும். அவனுக்கு இதில் உடன்பாடே இல்லை. "முதல்ல தோணினதுதான் சரி, மாத்தினா போச்சு" என்பது அவன் நம்பிக்கை. பலரும் அப்படித்தான் நம்புகிறோம். க்ரூகர், விர்ட்ஸ், மில்லர் ஆகிய மூவர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 1,500க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்துத் திருத்திய தடங்களை எண்ணிப் பார்த்தார்கள். தவறிலிருந்து சரிக்குப் போன மாற்றங்கள், சரியிலிருந்து தவறுக்குப் போனவற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தன. சரியாக இருந்ததை மாற்றிக் கெடுத்த வலி மட்டும் மனதில் தங்கிவிடுவதால்தான் நம் நினைவு வேறு கதை சொல்கிறது. தம்பியின் மூன்று தாள்களில் 17 மாற்றங்கள் இருந்தன. 9 சரியாயின, 4 கெட்டன, 4 தவறிலிருந்து தவறுக்கே போயின. கெட்ட நான்கில் மூன்று கடைசி 5 நிமிடத்தில் மாற்றியவை. இந்தச் சின்ன எண்ணிக்கையை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் கடைசி நிமிட மாற்றத்தைக் கவனிக்க வேண்டும் என்று அவன் எழுதி வைத்தான், எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

சரி, குறிப்பு எழுதி என்ன ஆயிற்று? அவன் ஒரே ஒரு விதி எடுத்துக்கொண்டான். புதிர் 3 நிமிடத்தில் பிடி கொடுக்காவிட்டால் வட்டம் போட்டுவிட்டு நகர வேண்டும், கடைசியில் நேரம் இருந்தால் திரும்ப வரலாம். அடுத்த தாளில் எண்கள் 29, 64, 93, 118. மதிப்பெண் 71. அதற்கடுத்த தாளில் 68.

"பார்த்தீர்களா, இறங்கிவிட்டது" என்று எதிரணித் தலைவர் எழுந்து சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஐயா, அந்தத் தாள் கடினமான தாள். அதைச் சமாதானமாகச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தவறுகள் விழுந்த இடத்தைப் பாருங்கள். 5, 6, 4, 5. மூன்றாம் காலில் குவிந்து கிடந்த 9 இப்போது இல்லை. அவன் திருத்த நினைத்தது திருந்தியிருக்கிறது, மிச்சம் இருப்பது பாடம். இப்போது அவன் 10 நாள் கணக்குக்கு உட்காரலாம், அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு கேள்விக்கு மட்டும் என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை, அதை மறைக்கவும் விரும்பவில்லை. மனநிலையை எழுதினால் சிலர் அதிலேயே உழன்றுவிடுவார்கள் என்று எதிரணியில் ஒரு தங்கை சொன்னாள். அவள் தோழி ஒருத்தி பக்கம் பக்கமாகப் பயத்தை எழுதி, அடுத்த தேர்வுக்கே போகவில்லையாம். எங்கள் அணிக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருக்கிறது. எங்கள் அணியில் உள்ள ஆசிரியர் மனநிலை வரியை அப்படிப்பட்டவர்கள் விட்டுவிடலாம் என்கிறார். நான், ஒரே சொல்லும் அதற்குப் பக்கத்தில் கேள்வி எண்ணும் போதும் என்கிறேன். "படபடப்பு, 31" என்று எழுதினால் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று எழுதினால் திரும்பிப் போய்ப் பார்க்க அதில் கேள்வி எண் இல்லை. தங்கையின் தோழிக்கு அதுவும் உதவியிருக்குமா என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

நோட்டை நடுவரின் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். மூன்று தாள், மூன்று பக்கம். நான்காம் பக்கத்தில் நாளைய தேர்வுக்காக 25, 50, 75, 100 என்று எழுதி, எதிரே இடம் விட்டிருக்கிறான். நன்றி, வணக்கம்.